பெரியப்பா நாளைக்கு வரேனாம்

ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "சயாமா, அடுத்த வாரம் நான் லீவு. பெரியப்பா நாளைக்கு வரேனாம்" என்றான். யாங்கோனில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்கட்டில் நடக்கிற தமிழ் வகுப்பு எங்களுடையது. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு இந்த நாட்டில் தமிழ் இப்படிக் கோயில் மண்டபங்களில்தான் ஒண்டிக்கொண்டிருக்கிறது. டீச்சரை இங்கே பிள்ளைகள் பர்மியத்தில் 'சயாமா' என்றே கூப்பிடுவார்கள். நானும் திருத்துவதில்லை. ஆனால் அந்த 'வரேனாம்' காதில் நெருடியது.

"யாரு வர்றது? நீயா, பெரியப்பாவா?"

"பெரியப்பா, சயாமா."

"அப்ப 'வரேன்'ல இருக்கிற 'ஏன்' யாரு?"

கொஞ்சம் யோசித்தான். "அதுவும் பெரியப்பாதான்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரியப்பா போனில் "வரேன்" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்து, வாலில் ஓர் 'ஆம்' ஒட்டி என்னிடம் நீட்டிவிட்டான். தமிழ்க் காதுக்கோ அது வேறு மாதிரி விழும். "நான் பரீட்சையில் காப்பியடிச்சேனாம்" என்று ஒருவன் சொன்னால், என்னைப் பற்றி யாரோ அப்படிச் சொல்லித் திரிகிறார்கள் என்று பொருள். 'ஆம்' போட்டுவிட்டால் வினையின் விகுதி சேதி சொல்பவனின் பக்கத்திலிருந்துதான் எண்ணப்படும். ஆகவே பெரியப்பா 'வராராம்' என்றுதான் வர வேண்டும். 'வரேனாம்' என்றால் அந்தப் பையன்தான் எங்கிருந்தோ நாளைக்கு வருவதாக ஊரில் பேச்சு.

இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம். பர்மியத்தில் 'ஊலே மனெப்யன் லாமேதெ' என்றால் மாமா நாளைக்கு வராராம் என்று அர்த்தம். 'லாமே' என்றால் வருதல், எதிர்காலத்தில். கடைசியில் வெட்டினாற்போல் குறுக்கிச் சொல்லும் 'தெ'தான் நம் 'ஆம்'. கிட்டத்தட்ட அச்சு அசல். ஆனால் 'லாமே'யில் ஆள் இல்லை. நான் வருவேன், நீ வருவாய், அவன் வருவான் மூன்றுக்கும் அதே 'லாமே'தான். அங்கே வினை ஆளைக் காட்டிக்கொடுக்காது. தமிழில் வினை வாயைத் திறந்தாலே யார் என்று சொல்லிவிடும். பர்மியத்தில் சிந்தித்துத் தமிழில் பேசுகிற பிள்ளை, முன்பு தேவையே இல்லாத ஒரு முடிவை ஒவ்வொரு வாக்கியத்திலும் எடுத்தாக வேண்டியிருக்கிறது. இந்த விகுதி யாருடைய வாயிலிருந்து எண்ணப்பட வேண்டும் என்கிற முடிவு அது.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குவது என்று இலக்கணப் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. ஊரிலிருந்து வருகிற பழைய புத்தகங்களில் அதற்கு ஓர் அட்டவணை போட்டிருப்பார்கள். மேற்கோள் குறியை எடுத்துவிடு, நான் என்பதைத் தான் என்று மாற்று, இது என்பதை அது என்று மாற்று, இன்று அன்றாகும், நாளை மறுநாளாகும், இங்கே அங்கே ஆகும், 'என்று' போய் 'ஆக' வரும். பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள், பரீட்சையில் மார்க்கும் வாங்குவார்கள். அடுத்த நாள் போனில் வந்த சேதியை வீட்டில் சொல்லும்போது 'வரேனாம்' என்பார்கள்.

நான் பல வருடம் இதைப் பாடம் நடத்திவிட்டு ஒரு கட்டத்தில் அட்டவணையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். இப்போது 'என்று' என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

'என்று' ஓர் இணைப்புச் சொல் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அது வினை. 'தின்' என்ற பகுதியிலிருந்து 'தின்று' வருவதுபோல 'என்' என்ற பகுதியிலிருந்து வந்த வினையெச்சம்தான் 'என்று'. 'என்' என்றால் சொல். என்றான், என்கிறான், என்பான் என்று முழு வினையாகவும் அது நடமாடுகிறது. என்ற, என்னும், என்பது, என்றால், எனவே எல்லாம் அதே குடும்பம்தான். "மழை பெய்தால்" என்பதற்குப் பதில் "மழை பெய்யும் என்றால்" என்று பேசும்போது, யாரோ ஒருவர் அப்படிச் சொன்னால் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், நமக்கே தெரியாமல். தொல்காப்பியத்தின் முதல் நூற்பா எழுத்துகள் 'முப்பஃது என்ப' என்றுதான் சொல்கிறது. முப்பது என்று சொல்வார்கள் என்கிறார். யாரோ சொன்னதாகத்தான் நம் இலக்கணமே தொடங்குகிறது. 'சட்டென்று', 'பளிச்சென்று' என்பதிலும் ஏதோ ஒன்று 'சட்' என்று சொல்கிறது, 'பளிச்' என்று சொல்கிறது.

பர்மியத்தில் இதற்கு ஈடு 'லொ'. 'லாமே லொ ப்யோதே' என்றால் வருவதாகச் சொன்னார் என்று பொருள். சொன்னது முன்னே வரும், 'லொ' அதன் பின்னே வரும், சொன்னார் என்பது கடைசியில் வரும். தமிழின் அதே வரிசை. எங்கள் பிள்ளைகளுக்கு இந்த அளவில் ஒரு சிரமமும் கிடையாது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் "அவர் சொன்னார் என்னவென்றால்" என்று இழுப்பார்களே, அந்தக் கோளாறு எங்களிடம் குறைவு. எங்கள் கோளாறு வேறு.

அது என்ன என்று எனக்குப் புரிந்தது வகுப்பில் இல்லை, பத்து வயதில் வாங்கிய அடியில்.

அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை டீக்கடையில் ஒன்று உண்டு. மௌலமைனில் இருந்த பெரியப்பா ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே கூப்பிட்டார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஊரை மோல்மீன் என்றுதான் சொல்வார்கள். கடைப் பையன் ஓடி வந்து சொல்ல, அம்மா சமையலில் இருந்ததால் நான் போய் எடுத்தேன். பெரியப்பா சொன்னது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. "நாளைக்கு ராத்திரி பஸ் ஏறுறேன். விடியக்காலம் உங்கப்பனை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லு. மூட்டை இருக்கு."

அப்பாவுக்கு அந்த வாரம் இரவு வேலை. வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தார். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். "அப்பா, பெரியப்பா போன் பண்ணாங்க. நாளைக்கு ராத்திரி பஸ் ஏறுறேன்னு சொன்னாங்க. விடியக்காலம் உங்களை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னாங்க. மூட்டை இருக்காம்."

அப்பா தலையாட்டிவிட்டுப் படுக்கப் போனார். சனிக்கிழமை விடியற்காலையில் பெரியப்பா பஸ் நிலையத்தில் பம்ப்ளிமாஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறுகிறவரை பார்த்துவிட்டு, இரண்டு வண்டி மாறி, கடைசியில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஒன்றில் மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பா கைலியோடு வாசலில் நின்று, "நீ நாளைக்கில்ல வர்றே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். "நாளைக்குன்னு சொன்னியாடி?" என்று அப்பா என்னைக் கேட்டார். "பெரியப்பாதான் நாளைக்குன்னு சொன்னாங்க" என்றேன். அது பொய்யில்லை. ஆனாலும் அடி விழுந்தது.

அந்த நாலு வாக்கியத்தை இப்போது நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். பத்து வயதுப் பெண் எத்தனை மாற்றங்களைத் தானாகவே சரியாகச் செய்திருக்கிறாள் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்வேன்.

முதலில் 'உங்கப்பனை' என்பது 'உங்களை' ஆகியிருக்கிறது. இதை எந்த அட்டவணையும் சொல்லாது. முன்னிலை படர்க்கையாகும் என்றுதான் அட்டவணை சொல்லும். இங்கே நடந்தது தலைகீழ். பெரியப்பாவின் பேச்சில் அப்பா படர்க்கை, என் பேச்சில் அப்பா எதிரே நிற்கிறார், ஆகவே முன்னிலை. அட்டவணை எழுதியவர் சேதி சொல்பவரைக் கதைக்கு வெளியே நிற்கும் மூன்றாம் மனிதராக வைத்துக்கொண்டார். முருகனிடம் கண்ணன் சொன்னதை எங்கோ இருக்கும் நாம் எழுதும்போது அது சரி. வீட்டில் சேதி சொல்கிற பிள்ளை எப்போதும் கதைக்குள்தான் இருக்கும். "நீ வா" என்று மாமா என்னிடம் சொன்னதை நான் சொல்லும்போது 'நீ' என்பது 'நான்' ஆகும், 'அவன்' ஆகாது.

இரண்டாவது, மரியாதை. 'அப்பன்' என்று அண்ணன் தம்பியைச் சொல்லலாம். மகள் அந்தச் சொல்லை அப்பாவின் முகத்துக்கு நேரே கொண்டுபோக முடியாது, 'என்று' போட்டு அது அவர் சொன்னதுதான் என்று காட்டினாலும் முடியாது. "உங்கப்பனை வரச் சொல்லுன்னு பெரியப்பா சொன்னாங்க" என்று சொல்லியிருந்தால் அங்கேயே ஓர் அடி முன்பணமாகக் கிடைத்திருக்கும். கூற்று மாறும்போது தமிழில் உறவும் மாறுகிறது. பெரியப்பா 'உங்கப்பன்' என்றவர் எனக்கு 'அப்பா', அம்மா சொல்லும்போது 'அவங்க', பாட்டி சொல்லும்போது 'தம்பி'. யார் வாயில் சேதி இருக்கிறதோ அவரிடமிருந்து உறவை எண்ண வேண்டும்.

மூன்றாவது, ஏவல். "வரச் சொல்லு" என்பது "வரச் சொன்னாங்க" ஆனது. ஏவலை அயற்கூற்றாக்க 'என்று' தேவையே இல்லை. செய என்னும் வாய்பாட்டு எச்சம் போதும். வா என்று சொன்னார் என்பது வரச் சொன்னார். எழுத்தில் வருமாறு சொன்னார், வரும்படி கேட்டுக்கொண்டார் என்று ஆகும். பிள்ளைகள் இதில் தவறுவதே இல்லை.

நான்காவது 'இருக்காம்'. மூட்டைக்கு ஆள் பிரச்சினை கிடையாது, ஆகவே 'ஆம்' ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.

மிச்சம் 'நாளைக்கு ராத்திரி பஸ் ஏறுறேன்னு'. இங்கேதான் வண்டி குடை சாய்ந்தது. ஆனால் எங்கே என்று பார்க்க வேண்டும். 'ஏறுறேன்'னில் இருக்கிற 'ஏன்' தவறில்லை. 'னு' வந்துவிட்டது, அதாவது 'என்று' வந்துவிட்டது. 'என்று' ஒரு வாய். அதற்கு முன்னால் இருக்கிற 'ஏன்' பெரியப்பாவின் வாயிலிருந்து வருகிறது என்று அப்பாவுக்கு ஒரு குழப்பமும் இல்லாமல் புரிந்தது. மகள் பஸ் ஏறப் போகிறாள் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் அதே வாயிலிருந்து வந்த 'நாளைக்கு' என்ற சொல்லை மட்டும் அப்பா மகளின் வாயிலிருந்து வந்ததாக எடுத்துக்கொண்டார். ஒரே வாக்கியம், ஒரே 'னு'. விகுதியைப் பெரியப்பாவின் பக்கம் நின்று கேட்டார், நாளை என் பக்கம் நின்று கேட்டார்.

அப்பாவையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் அப்படித்தான் கேட்கிறோம். பேச்சுத் தமிழில் 'னு'வுக்கு முன்னால் வருவது முழு நேர்க்கூற்றும் இல்லை, முழு அயற்கூற்றும் இல்லை. விகுதி சொன்னவருடையதாகவே நிற்கும், காலமும் இடமும் சேதி சொல்பவரின் பக்கம் சாயும். வெள்ளிக்கிழமை காலையில் நான் சொல்ல வேண்டியிருந்தது "இன்னைக்கு ராத்திரி பஸ் ஏறுறேன்னு சொன்னாங்க" என்பதுதான். 'ஏறுறேன்' அவருடையது, 'இன்னைக்கு' என்னுடையது. அந்த வாக்கியத்தைப் பெரியப்பா ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் சேதி அதுதான்.

'நாளை' என்பது 'மறுநாள்' ஆகும் என்று அட்டவணை சொல்வதும் இங்கே உதவாது. வியாழக்கிழமை இரவே அப்பாவிடம் சொல்லியிருந்தால் 'நாளைக்கு' சரி. வெள்ளியன்று சொன்னால் 'இன்னைக்கு'. சனிக்கிழமை சொன்னால் 'நேத்து'. இத்தனை வருடம் கழித்து உங்களுக்குச் சொல்லும்போதுதான் 'மறுநாள்'. நாளும் கிழமையும் தேய்ந்துபோன பிறகு வரும் சொல் மறுநாள். பத்திரிகைக்கும் கதைக்கும் அது சரியாக இருக்கும். டீக்கடைப் போனிலிருந்து ஓடி வருகிற பிள்ளை அதைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

பேச்சில் இருக்கிற இந்தப் பாதிக் கூற்றின் இன்னொரு முகம் 'தான்'. "தான் ஜெயிச்சேன்னு முருகன் சொன்னான்" என்று பேசுகிறவர்கள் நிறைய உண்டு. எங்கள் அப்பத்தா அப்படித்தான் பேசுவாள். 'தான்' படர்க்கை. 'ஜெயிச்சேன்' தன்மை. எழுவாயும் பயனிலையும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்று பண்டிதர் சிவப்பு மை போடுவார். ஆனால் அந்த இரண்டும் ஒட்டாமல் இல்லை, ஒரே ஆளை இரண்டு பக்கம் நின்று காட்டுகின்றன. 'தான்' என்று சொல்லும்போது நாம் முருகனை வெளியிலிருந்து பார்க்கிறோம், 'ஜெயிச்சேன்' என்று முருகன் உள்ளிருந்து பேசுகிறான். மொழியியலாளர்கள் இந்த வகை வாக்கியத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள், தமிழில் உள்ள அபூர்வங்களில் ஒன்று என்பதால். நான் வகுப்பில் இதைப் பேச்சில் விட்டுவிடுவேன், கட்டுரையில் விடமாட்டேன்.

கட்டுரையில் எழுத வேண்டியது "தான் வெற்றி பெற்றதாக முருகன் சொன்னான்" என்பது. இங்கே 'என்று' எடுக்கப்பட்டு வினை பெயராகி 'ஆக' ஏறிவிட்டது. பெற்றது என்பதில் ஆள் விகுதி இல்லை. பர்மிய 'லாமே' மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் 'தான்' அவ்வளவு முக்கியம். "அவன் வெற்றி பெற்றதாக முருகன் சொன்னான்" என்றால் வேறு யாரோ ஜெயித்தான் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். விகுதி செய்துகொண்டிருந்த வேலையை இப்போது 'தான்' ஒன்றே செய்கிறது. எங்கள் பிள்ளைகள் எழுதும்போது அதையும் விட்டுவிடுவார்கள். "நாளை வருவதாக மாமா சொன்னார்" என்று எழுதுவார்கள். யார் வருவது? பெரும்பாலும் மாமாதான். ஆனால் அத்தை வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அத்தை. தமிழ்நாட்டிலும் இப்படி விட்டு எழுதுவார்கள், தவறில்லை. வாசகருக்கு முன் வாக்கியத்திலிருந்து ஆள் தெரிகிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்க்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

'ஆக' ஏறியபிறகு இன்னொன்றும் இழக்கிறோம். "வருகிறேன்" என்றதும் "வருவேன்" என்றதும் இரண்டுமே 'வருவதாக'தான். வந்தேன் என்பது 'வந்ததாக', வந்திருக்கிறேன் என்பது 'வந்திருப்பதாக'. சொன்ன நேரத்திலிருந்துதான் காலம் எண்ணப்படும். சொன்னது போன வருடம் என்பதற்காக 'வருவதாக' என்பதை இறந்தகாலத்துக்குத் தள்ள வேண்டியதில்லை. ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் இங்கேதான் "வந்ததாகச் சொன்னார்" என்று எழுதி, வராத மாமாவை வரவைத்துவிடுவார்கள்.

எல்லாவற்றின் மேலும் 'ஆக' ஏறாது. "வருவாயா?" என்று கேட்டதை 'வருவதாகக் கேட்டார்' என்று எழுத முடியாது. கேள்விக்கு 'என்று' விட்டுப் போகாது. நான் வருவேனா என்று கேட்டார், ஏன் வந்தேன் என்று கேட்டார். விகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதேபோல 'முடியாது', 'இல்லை', 'மாட்டேன்' ஆகியவை பிடிவாதக்காரச் சொற்கள். "வரமாட்டேன்" என்றான் என்பதை 'வரமாட்டதாக' என்று எழுதிக்கொண்டு வந்தான் ஒருவன். காதில் கல் விழுந்தது போலிருந்தது. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்று எழுதலாம், அல்லது வர மறுத்துவிட்டான் என்று ஒரேயடியாக வினையையே மாற்றிவிடலாம்.

ஒற்றைப் பற்றி ஒரு வார்த்தை. 'என்று' வந்தால் அடுத்து வல்லினம் மிகாது: என்று கூறினார், என்று சொன்னார். 'என' வந்தாலும் 'ஆக' வந்தாலும் மிகும்: எனக் கூறினார், வருவதாகச் சொன்னார். 'என்றுக் கூறினார்' என்று பெரிய பெரிய பேனர்களில்கூடப் பார்க்கிறேன். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

'என்று' ஒரு வாய் என்றேன். அந்த வாய் எங்கே மூடுகிறது என்றுதான் அது காட்டும், எங்கே திறந்தது என்று காட்டாது. "அண்ணன் தம்பி வரவில்லை என்று சொன்னான்." பேசும்போது அண்ணனுக்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம் விடுவோம், புரிந்துவிடும். எழுத்தில் அந்த நிறுத்தம் தெரியாது. மேற்கோள் குறி இருந்தவரை அது திறந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அயற்கூற்றாக்கும்போது அதை எடுத்துவிடுகிறோம், பதிலுக்கு எதையும் வைப்பதில்லை. பர்மியத்தின் 'லொ'வுக்கும் இதே குணம்தான் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இது குறையாகவே படாது. நான் சொல்லிக்கொடுக்கிற மருந்து எளிது. சொன்னவரைக் கொண்டுபோய்ச் 'சொன்னான்' பக்கத்தில் உட்கார வை. தம்பி வரவில்லை என்று அண்ணன் சொன்னான். இப்போது 'என்று' என்பதற்கு முன்னால் இருப்பது முழுதும் சொன்னது, பின்னால் இருப்பது முழுதும் சொன்னவர். நீளமான வாக்கியத்தில், அதுவும் இரண்டு மூன்று 'என்று' வந்து மாட்டிக்கொண்டால், இதைத் தவிர வேறு வழி இல்லை.

அன்று 'வரேனாம்' சொன்ன பையனைக் கரும்பலகைக்கு அழைத்து என் பெரியப்பாவின் சேதி முழுவதையும் ஒரே வாக்கியமாக எழுதச் சொன்னேன். மூன்று முறை அழித்து அழித்து எழுதினான். கடைசியில் இப்படி வந்தது: "தான் மறுநாள் இரவு பேருந்து ஏறுவதாகவும், அதற்கடுத்த நாள் விடியற்காலையில் சயாமாவின் அப்பாவைப் பேருந்து நிலையத்துக்கு வரச் சொல்லுமாறும், மூட்டை இருப்பதாகவும் பெரியப்பா சொன்னார்." உம் போட்டு அடுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. எங்கோ படித்திருக்கிறான். 'அதற்கடுத்த நாள்' என்பதை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று கேட்டேன். பெரியப்பா அதைச் சொல்லவில்லையே.

"ராத்திரி ஏறினா விடியும்போது அடுத்த நாள்தானே சயாமா? அதைச் சொல்லாமத்தானே நீங்க அடி வாங்கினீங்க."

நான் அடி வாங்கினது வேறு நாளைக் கோட்டைவிட்டதற்கு. ஆனால் விட்டுவிட்டேன்.

அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. சிவகங்கைப் பக்கம் இருந்த தன் தங்கைக்குக் கடுதாசி எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் உட்கார வைப்பாள். வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிக்கொண்டு போவாள். "எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுது. மழை விடாமப் பெய்யுதுன்னு எழுது. எனக்கு முட்டி வலின்னு எழுது. சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம்னு எழுது." எனக்கு எட்டு வயது இருக்கும். 'எழுது' என்பது எனக்குச் சொன்னது என்று தெரியும், அதை எழுதவில்லை. 'னு' யாருக்கு என்று தெரியவில்லை. கடுதாசியில் வரக்கூடிய நல்ல தமிழில் அதை 'என்று' என்று திருத்தி, அழகான கையெழுத்தில் எழுதினேன். எல்லாரும் நலமாக இருக்கிறோம் என்று. மழை விடாமல் பெய்கிறது என்று. எனக்கு முட்டி வலி என்று. சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அங்கே அவர்கள் யாரையோ வைத்துப் படிக்கக் கேட்டிருக்கிறார்கள். நலம் விசாரித்து, முட்டி வலிக்கு ஒரு எண்ணெய்ப் பக்குவம் எழுதி, கடைசியில் சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக யார் சொன்னது என்று கேட்டிருந்தார்கள்.